எட்டு பிரான்சைஸ் கடையும் மூன்று சொந்தக் கடையும்

முறுக்கு, தட்டை, காரசேவு, மிக்சர் என்று செய்து விற்கும் ஒரு குடும்பத் தொழில் நான்கைந்து கடை வரை வளர்ந்துவிட்டால், அடுத்த கடையை யார் பணத்தில் போடுவது என்ற கேள்வி வந்துவிடும். அந்த நேரத்தில்தான் யாராவது வந்து, "அண்ணாச்சி, எங்க ஊருக்கு பிரான்சைஸ் குடுங்க, இடம் ரெடியா இருக்கு" என்று கேட்பார்கள். கைக்காசு போடாமல் போர்டு மட்டும் கொடுத்தால் போதும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிறு பலகாரத் தொழில்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் பக்கக் கணக்கை மட்டும் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பிரான்சைஸ் எடுக்கப்போகிறவரின் கணக்கை முதலில் போட வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஏன் என்பதை ஒரு கடையை வைத்துக் காட்டுகிறேன்.

ஒரு மாவட்டத் தலைநகரில், பேருந்து நிலையத்துக்கு அருகே 250 சதுர அடிக் கடை என்று வைத்துக்கொள்வோம். சரக்கு எல்லாம் ஒரே அடுப்படியில் செய்து, பாக்கெட் போட்டு வண்டியில் வருகிறது. கடையில் அடுப்பு கிடையாது. ரேக், விளக்கு, போர்டு, தராசு, பில்லிங் மெஷின் எல்லாம் சேர்த்து 6 லட்சம். மாதம் 25,000 வாடகைக்கு 2 லட்சம் அட்வான்ஸ். முதல் சரக்கு ஒன்றரை லட்சம். லைசென்ஸ், திறப்பு விழா, சில்லறைச் செலவு அரை லட்சம். ஆக 10 லட்சம். ஒரு நாளைக்கு 15,000 ரூபாய் வியாபாரம், மாதத்துக்கு நாலரை லட்சம். வரியைச் சேர்க்காத கணக்கு இது. எண்கள் என் உதாரணத்துக்கானவை, உங்கள் ஊருக்கு ஏற்ப மாறும். ஆனால் கணக்கின் போக்கு பெரிதாக மாறாது.

இதை முதலில் சொந்தக் கடையாகப் பார்ப்போம். நூறு ரூபாய் வியாபாரத்தில் கடலை மாவு, அரிசி மாவு, எண்ணெய், கேஸ், மாஸ்டர் சம்பளம், பாக்கெட், அடுப்படி வாடகை எல்லாம் சேர்ந்து 58 ரூபாய். வண்டிச் செலவு 3. விற்காமல் திரும்புவது, உடைவது 3. மீதி 36. மாதத்துக்கு 1,62,000. இதில் வாடகை 25,000. ஒரு பொறுப்பாளர், இரண்டு உதவியாளர்கள். பிஎஃப், இஎஸ்ஐ, லீவுக்கு மாற்று ஆள் எல்லாம் சேர்த்துச் சம்பளம் 52,000. கரண்ட் 6,000. பை, சுத்தம், இதர செலவு 7,000. கல்லாவிலும் எடையிலும் கசிவது 7,000. கடைகளைச் சுற்றிப் பார்க்கும் மேற்பார்வையாளரின் பங்கு 10,000. ஆக மொத்தம் 1,07,000. மீதி 55,000. ஐந்து வருடத்தில் கடையைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும், அதற்கு மாதம் 10,000 ஒதுக்கினால் கையில் நிற்பது 45,000. பத்து லட்சம் போட்டு வருடத்துக்கு 5,40,000. நல்ல வருமானம்தான்.

கல்லாவில் கசிவதைத் தனி வரியாக எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் கடையில் அது இல்லாமல் இருக்காது. பெரும்பாலும் அது திருட்டுகூட இல்லை. தெரிந்தவருக்குக் கை நிறைய அள்ளிப் போடுவது, பில் போடாமல் கொடுத்துவிட்டு மறப்பது, உடைந்ததை எழுதாமல் விடுவது, இப்படித்தான். முதலாளியே உட்காரும் கடையில் இது கால்வாசிக்குக் குறைந்துவிடும். பிரான்சைஸின் உண்மையான பலம் இதில்தான் இருக்கிறது. தன் காசைப் போட்டவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்.

இப்போது அதே கடையைப் பிரான்சைஸாகக் கொடுப்போம். முதலீடு அவருடையது. நுழைவுக் கட்டணம் 2 லட்சம் சேர்த்து அவர் போடுவது 12 லட்சம். பல பிராண்டுகள் முதலில் எழுதும் ஒப்பந்தத்தில் 24 சதவீத மார்ஜின் இருக்கும். அதாவது நூறு ரூபாய்ச் சரக்கை 76-க்குக் கொடுக்கிறோம். நமக்கு அடக்கமும் வண்டியும் 61 போக 15 ரூபாய் நிற்கும். மாதம் 67,500. அதில் மேற்பார்வை 10,000, விளம்பரம் 9,000, ரிட்டர்னில் நம் பங்கு 4,500 போனால் 44,000. சொந்தக் கடையில் 10 லட்சம் முடக்கி 45,000 எடுத்தோம், இங்கே ஒன்றும் போடாமல் 44,000 வருகிறது. இந்த இடத்தில்தான் பலரும் பேனாவை மூடிவிட்டு ஒப்பந்தத்தை அச்சடிக்கப் போய்விடுகிறார்கள்.

கணக்கின் அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். அவருக்கு 24 சதவீதம் என்றால் 1,08,000. வாடகை 25,000. அவரே உட்காருவதால் உதவியாளர் இருவர் மட்டும், 30,000. கரண்டும் இதர செலவும் 13,000. ரிட்டர்னில் அவர் பங்கு 9,000. கசிவு 2,000. போக 29,000 மிச்சம். காலை எட்டு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை உட்காருகிறவரின் சம்பளத்தை அதிலிருந்து எடுக்க வேண்டும். நம் கடையில் பொறுப்பாளருக்குக் கொடுத்த 18,000-ஐயே வைத்துக்கொள்வோம். அதுபோக 11,000. கடையைப் புதுப்பிக்க ஒதுக்கும் 10,000 போனால் ஆயிரம் ரூபாய். பன்னிரண்டு லட்சம் போட்ட மனிதருக்கு மாதம் ஆயிரம் ரூபாய். அதே பணம் வங்கியில் ஏழு சதவீதத்துக்குக் கிடந்தாலே 7,000 வந்திருக்கும்.

முதல் வருடம் அவருக்கு இது தெரியாது. கையில் 29,000 வருகிறதே என்று நினைப்பார். இரண்டாம் வருடம் மனைவியின் நகை எங்கே போனது என்று வீட்டில் கேட்கும்போதுதான் தெரியும். அதற்கப்புறம் அவர் செய்வது எல்லாம் பிழைப்பதற்கான வழிகள்: வேறு இடத்தில் மலிவாக மிக்சர் வாங்கி நம் டப்பாவில் கொட்டுவார், பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார், உதவியாளர் ஒருவரை நிறுத்துவார், ராத்திரி சீக்கிரம் அடைப்பார். நாம் அதை ஒழுக்கக்கேடு என்று சொல்வோம். அதில் பெரும்பங்கு நாம் எழுதிய மார்ஜினிலிருந்து பிறந்தது.

அதனால் மார்ஜினை 30 ஆக்கிப் பாருங்கள். அவருக்கு 1,35,000. அதே செலவுகள் போக 56,000. சம்பளமும் தேய்மானமும் எடுத்தபின் 28,000. தேய்மானத்தைக் கழிக்காமல் கைக்கு வரும் பணமாகப் பார்த்தால் மாதம் 38,000, போட்ட 12 லட்சம் இரண்டரை வருடத்துக்குச் சற்று மேலே திரும்பிவிடும். இந்தக் கடையை ஒருவர் தைரியமாக எடுத்து நடத்தலாம். நமக்கு நிற்பது நூற்றுக்கு 9 ரூபாய், 40,500. செலவு 23,500 போக 17,000.

ஆக உண்மையான ஒப்பீடு 45,000-க்கும் 44,000-க்கும் இடையில் இல்லை, 45,000-க்கும் 17,000-க்கும் இடையில். மூன்று சொந்தக் கடை தரும் லாபத்துக்கு எட்டு பிரான்சைஸ் கடை வேண்டும். மூன்றுக்கு 30 லட்சம் முதலீடு தேவை, எட்டுக்கு அது தேவையில்லை. ஆனால் எட்டுக் கடைக்கு எட்டு முதலாளிகள், எட்டு விதமான மனிதர்கள். அவர்களோடு பேச, அவர்களுக்குப் பழக்கித் தர, அவர்கள் கடையைப் பார்த்து வர நம்மிடம் ஆள் இருக்கிறதா என்பதும் கணக்கில் சேர வேண்டும்.

17,000 குறைவாகத் தெரிந்தாலும் அதில் ஒரு நல்ல குணம் உண்டு. வியாபாரம் ஐந்தில் ஒரு பங்கு விழுந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். தெருவில் பாலம் கட்டுகிறார்கள், எதிரே இன்னொரு கடை வருகிறது, நாளைக்கு 15,000 போய் 12,000 ஆகிறது. வாடகையும் சம்பளமும் குறையாது. சொந்தக் கடையில் 45,000 ஏறத்தாழ 14,000 ஆகிவிடும், மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போகும். பிரான்சைஸில் நம் 17,000 விழுவது 11,600-க்கு. அந்த அடியை வாங்கிக்கொள்கிறவர் பிரான்சைஸ் எடுத்தவர்: அவருடைய 28,000 ஏறத்தாழ மூவாயிரத்துக்கு இறங்கிவிடும். அவரிடமிருந்து நாம் வாங்குவது இந்தப் பாதுகாப்பைத்தான், அதற்கான விலைதான் அந்தக் கூடுதல் ஆறு சதவீதம். இதைப் புரிந்துகொண்டவர்கள் மார்ஜின் பேரத்தில் ஒரு சதவீதத்துக்காக அடம்பிடிக்க மாட்டார்கள்.

அடுப்படியின் நிலைமையும் கணக்கை மாற்றும். நான் சொன்ன 58 ரூபாயில் அடுப்படி வாடகை, மேலாளர் சம்பளம், கடன் தவணை என்று சரக்கு கூடினாலும் கூடாத செலவு 8 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டி பாதி நாள் சும்மா கிடக்கிறது என்றால், புதிதாகப் போகும் சரக்கில் அந்த 8 ரூபாயும் லாபம்தான். நூற்றுக்கு 9 நிற்பது 17 ஆகிறது. அந்த நிலையில் பிரான்சைஸ் மிக நல்ல வழி. சட்டி ஏற்கெனவே இரவு ஷிஃப்டிலும் ஓடுகிறது என்றால் அடுத்த நான்கு பிரான்சைஸுக்கு இன்னொரு லைன் போட வேண்டும், அதன் முதலீடு நம் தலையில். "பிரான்சைஸில் நமக்கு முதலீடே இல்லை" என்ற பேச்சு அந்த இடத்தில் நின்றுவிடும்.

நுழைவுக் கட்டணத்தைப் பற்றிக் கொஞ்சம். ஒரு கடையை ஒழுங்காகத் திறந்து கொடுப்பதற்கு, அதாவது இடம் பார்ப்பது, வரைபடம், பத்து நாள் பயிற்சி, திறந்த முதல் வாரம் நம் ஆள் கூட இருப்பது இவற்றுக்கெல்லாம் அந்த இரண்டு லட்சம் செலவாகிவிடும், ஆக வேண்டும். ஒரு பிராண்டின் வருட லாபத்தில் பெரும்பகுதி நுழைவுக் கட்டணத்திலிருந்து வருகிறது என்றால் அது பலகாரம் விற்கவில்லை, கடைகளை விற்றுக்கொண்டிருக்கிறது. புதுக் கடை திறப்பது நின்ற மாதமே அதன் கணக்கு ஆட்டம் காணும். பிரான்சைஸ் எடுக்க நினைக்கிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: போன வருடம் எத்தனை கடை மூடினீர்கள்?

சரி, நம் பங்கை எப்படி எடுப்பது? விற்பனையில் இத்தனை சதவீதம் என்று ராயல்டியாகவா, சரக்கு விலையிலா? நொறுக்குத்தீனியில் சரக்கு விலையில் எடுப்பதுதான் நல்லது என்பேன், இரண்டு காரணங்களுக்காக. ஒன்று வரி. பாக்கெட் மிக்சர், காரவகைகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ராயல்டி ஒரு சேவை, அதற்கு 18. வருடம் ஒன்றரைக் கோடிக்குள் வியாபாரம் செய்கிற சிறு கடைக்காரர்கள் பலர், வியாபாரத்தில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பார்கள், அவர்களால் கொடுத்த வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. மாதம் 27,000 ராயல்டி என்றால் அதன்மேல் 4,860 வரி அவர் கையை விட்டுப் போகும். அதே 27,000-ஐச் சரக்கு விலையில் ஏற்றினால் வரி 1,350. மாதம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் யாருக்கும் பயனில்லாமல் போவதைத் தவிர்க்கலாம்.

இரண்டாவது காரணம், எதைக் கண்காணிக்க வேண்டியிருக்கும் என்பது. ராயல்டி என்றால் அவர் விற்றதை முழுதாகப் பில் போடுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பில்லிங் மெஷினை நம் கம்ப்யூட்டரோடு இணைத்தாலும், பில் போடாமல் விற்பதைத் தடுக்க அது போதாது. சரக்கு விலையில் எடுத்தால் அந்தத் தலைவலி இல்லை. சரக்கு நம் அடுப்படியை விட்டுக் கிளம்பும்போதே நம் பங்கு வந்துவிட்டது. அதற்குப் பதில் வேறொன்றைப் பார்க்க வேண்டும்: வெளிச் சரக்கு உள்ளே வருகிறதா?

அதைக் கண்டுபிடிக்கக் கடைக்குப் போய் ஒளிந்து நிற்க வேண்டியதில்லை. கணக்கே காட்டிக்கொடுக்கும். எந்தக் கடையிலும் மொத்த வியாபாரத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் ஏறத்தாழ நிலையான ஒரு பங்கு இருக்கும். சொந்தக் கடைகளில் மிக்சர் நூற்றுக்கு இருபது ஓடுகிறது, ஒரு பிரான்சைஸ் கடையில் மட்டும் நான்கு மாதமாகப் பதினொன்றாக இறங்கிவிட்டது, மற்ற எதுவும் இறங்கவில்லை என்றால் அந்த ஊர் மக்கள் மிக்சர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. இன்னொரு வழி, நம் பெயர் போட்ட கைப்பைகளை எண்ணுவது. சரக்கு குறைவாக வாங்குகிறார், பை மட்டும் முன்போலவே வாங்குகிறார் என்றால் அந்தப் பையில் என்ன போகிறது என்று கேட்க வேண்டும். டப்பாவிலிருந்து அள்ளி எடைபோட்டு விற்கும் முறைதான் இந்தக் கலப்புக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. சீல் போட்ட பாக்கெட், அதில் தயாரித்த நாளும் பேட்ச் எண்ணும் இருந்தால் பாதிக் கதவு அடைபடும். கண்ணெதிரே அள்ளிப் போடும் அழகு போய்விடுகிறதே என்று பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. அதனால் அள்ளிப்போடும் கடை சொந்தக் கடையாகவே இருக்கட்டும்.

கட்டுப்பாடு என்று வரும்போது எல்லோரும் போர்டின் நிறம், சட்டையின் நிறம் பற்றிப் பேசுகிறார்கள். பலகாரத் தொழிலில் கட்டுப்பாடு உண்மையில் பழைய சரக்கைப் பற்றியது. முறுக்கு இரண்டு விதமாகக் கெடும். காற்றுப் பட்டு ஈரம் ஏறினால் நமுத்துப்போகும், அதைக் கடித்ததும் தெரிந்துவிடும். எண்ணெய் கெட்டால் காறல் வாடை வரும், அது மெதுவாக வரும், தொண்டையில் நிற்கும். வெயிலில் வைத்த ரேக், கண்ணாடி அலமாரிக்குள் எரியும் விளக்கு, இரண்டுமே காறலைச் சீக்கிரம் வரவழைக்கும். அடுப்படியில் நல்ல எண்ணெயில் பொரித்து அனுப்பிய சரக்கு, மேற்கு பார்த்த கடையின் முன்வரிசையில் இருந்தே கெட்டுப்போகலாம். வாடிக்கையாளர் குறை சொல்வது கடைக்காரரை அல்ல, போர்டில் உள்ள பெயரை.

இங்கே ரிட்டர்ன் விதிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. விற்காததை எல்லாம் முழு விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டால் அவர் யோசிக்காமல் ஆர்டர் போடுவார், வண்டி போகும்போது நிறைந்தும் வரும்போது பாதி நிறைந்தும் வரும். எதையும் எடுக்க மாட்டோம் என்றால் பழையதை விற்றே தீர்வார், அதில் கெடுவது நம் பெயர். எனக்கு நடைமுறையில் சரியாகப் படுவது, சீக்கிரம் திருப்பினால் கூடுதல் பணம் என்ற ஏற்பாடு. முப்பது நாள் தாங்கும் சரக்கு என்றால் பத்து நாள் மிச்சமிருக்கும்போது திருப்பினால் வாங்கிய விலையில் முக்கால் பங்கு, ஐந்து நாள் மிச்சம் என்றால் பாதி, நாள் கடந்துவிட்டால் ஒன்றுமில்லை. மாதக் கொள்முதலில் இத்தனை சதவீதத்துக்கு மேல் ரிட்டர்ன் கிடையாது என்று ஓர் எல்லை. சீக்கிரம் வந்ததை வியாபாரம் அதிகமுள்ள சொந்தக் கடைக்குத் திருப்பி அன்றே விற்றுவிடலாம். பக்கத்தில் ஒரு சொந்தக் கடை இருப்பதன் பயன்களில் இது ஒன்று, யாரும் இதைக் கணக்கில் எழுதுவதில்லை.

கடையிலேயே சட்டி வைத்து பஜ்ஜி, சமோசா பொரிக்கலாமா என்று கேட்பார்கள். கூட்டம் வரும், மார்ஜினும் அதிகம். பொரிக்கும் எண்ணெயில் கெட்டுப்போன பொருள்களின் அளவு, அதாவது மொத்த போலார் பொருள்கள், 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் இருக்கும் உணவுப் பாதுகாப்பு விதி. அதை அளக்கக் கையடக்கக் கருவி இருக்கிறது. ஆனால் மாலை ஆறு மணிக் கூட்டத்தில், எண்ணெய் விற்கும் விலையில், எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கடையில் எண்ணெயை மாற்றினார்களா இல்லை மேலே ஊற்றி நிரப்பினார்களா என்று உங்களால் உறுதிப்படுத்த முடியாது. அதனால் பிரான்சைஸ் கடையில் சட்டி வேண்டாம் என்பேன். பொரிப்பது அடுப்படியிலும் சொந்தக் கடையிலும் இருக்கட்டும்.

சரக்கு விலையில் லாபம் எடுக்கும் முறைக்கும் ஒரு நோய் உண்டு. நமக்கு வேண்டியது சரக்கு போவது, அவருக்கு வேண்டியது லாபம் நிற்பது. இரண்டும் எப்போதும் ஒன்றல்ல. ஒரு ஊரில் இருக்கும் கடை நாலரை லட்சம் ஓட்டுகிறது, இன்னொன்று திறந்தால் இரண்டும் சேர்ந்து ஆறு லட்சம் ஓட்டும் என்றால், சரக்கு கூடுகிறது என்று நமக்கு ஆசை வரும். இரண்டு கடைக்காரர்களும் மூன்று லட்சத்தில் தலா நஷ்டம் பார்ப்பார்கள். அமெரிக்காவின் கிறிஸ்பி கிரீம் டோநட் நிறுவனத்தை இதற்காகத்தான் படிக்க வேண்டும். 2000-இல் பங்குச்சந்தைக்கு வந்த அந்த நிறுவனம், பிரான்சைஸ் கடைகளுக்கு மாவுக்கலவையும் இயந்திரமும் விற்பதில் நல்ல லாபம் பார்த்தது. கடைகள் மளமளவென்று பெருகின, கூடவே அதே டோநட் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் கிடைக்கத் தொடங்கியது. ஒவ்வொரு கடையின் வியாபாரமும் இளைத்தது. 2004-இல் லாபம் குறையும் என்று அறிவிக்க வேண்டி வந்தது, அடுத்த வருட ஜனவரியில் தலைவர் பதவி விலகினார், கணக்கு எழுதிய விதம் பற்றி அரசு விசாரணையும் வந்தது. கடைக்காரர்கள் நொடித்துக்கொண்டிருந்த காலத்திலும் நிறுவனத்தின் கணக்குப் புத்தகம் செழிப்பாகத் தெரிந்தது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. ஆகவே மாதாமாதம் நீங்கள் பார்க்க வேண்டிய எண் மொத்தச் சரக்கு அல்ல, திறந்து ஒரு வருடம் ஆன கடைகளின் கடைவாரி வியாபாரம். அது தொடர்ந்து இரண்டு காலாண்டு இறங்கினால் புதுக் கடைக்கு கையெழுத்துப் போடுவதை நிறுத்த வேண்டும். அந்த ஊர் சூப்பர் மார்க்கெட்டுக்கும் ஆன்லைனுக்கும் நாம் எந்தச் சரக்கைத் தருகிறோம் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நேர்மை.

பணம் மட்டும் போடுங்கள், கடையை நாங்களே நடத்துகிறோம், மாதம் இவ்வளவு உறுதியாகத் தருகிறோம் என்று ஒரு நடுவழி இப்போது பரவலாகப் பேசப்படுகிறது. கட்டுப்பாடு நம்மிடம், முதலீடு அவரிடம் என்பது சரிதான். ஆனால் உறுதித் தொகை சொன்ன நிமிடமே அது கடன் ஆகிவிட்டது. கடை ஓடாத மாதத்திலும் கொடுக்க வேண்டும், பத்துக் கடை ஓடாவிட்டால் பதினொன்றாவது கடைக்காரரின் பணத்தை எடுத்துப் பத்துப் பேருக்குக் கொடுக்கும் நிலை வரும். லாபத்தில் பங்கு என்று எழுதுங்கள். மாத உறுதி எழுதாதீர்கள்.

எதிர்காலக் கடைக்காரரிடம் நாம் காட்டும் எண்களிலும் கவனம் வேண்டும். தீபாவளி மாதம் ஒரு பலகாரக் கடை பார்க்கும் வியாபாரம் மற்ற மாதங்களோடு ஒப்பிட முடியாதது. அதைச் சேர்த்துச் சராசரி எடுத்துக் காட்டினால் பதினோரு மாதம் அவர் ஏமாந்ததாக நினைப்பார். பன்னிரண்டு மாதத்தையும் தனித்தனியே, நன்றாக ஓடும் கடையோடு சுமாராக ஓடும் கடையையும் காட்ட வேண்டும். அதற்கு முதலில் நம்மிடம் ஒரு முழு வருடம் ஓடிய மூன்று நான்கு சொந்தக் கடையாவது இருக்க வேண்டும், அதில் ஒன்றாவது நம் சொந்த ஊருக்கு வெளியே, நம் பெயர் தெரியாத ஊரில். அங்கே கிடைக்கும் எண்தான் பிரான்சைஸ் எடுப்பவருக்குக் கிடைக்கப்போகும் எண்.

கடைசியாகப் பிரிவது. பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. 1872 ஒப்பந்தச் சட்டம்தான் அடிப்படை. அதன் 27-ஆவது பிரிவின்படி ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது வேறு பிராண்ட் விற்கக்கூடாது என்பதை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. முடிந்த பிறகு மூன்று வருடம் பலகாரக் கடையே வைக்கக்கூடாது என்று எழுதி வைப்பது பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிடும். நீங்கள் போட்ட போர்டை இறக்கிவிட்டு, அதே இடத்தில், அதே ரேக்கில், தன் பெயரில் அவர் நடத்தலாம். வாடிக்கையாளர் பழகிய வழியிலேயே அங்கே போவார்.

பிரிவது எவ்வளவு சிக்கல் என்பதற்கு மெக்டொனால்ட்ஸை விடப் பெரிய உதாரணம் வேண்டாம். வட, கிழக்கு இந்தியாவில் தன் கூட்டாளியோடு ஏற்பட்ட சண்டையில் 2017-இல் 169 கடைகளின் ஒப்பந்தத்தை அது ரத்து செய்தது. ரத்து செய்த பிறகும் பல கடைகள் அதே பெயரில் திறந்தே இருந்தன. வழக்குகளுக்கு அப்புறம் 2019-இல் கூட்டாளியின் பங்கை வாங்கித்தான் முடித்தார்கள். இவ்வளவு அனுபவமுள்ள பிரான்சைஸ் நிறுவனத்துக்கே இரண்டு வருடம். இதே மெக்டொனால்ட்ஸ் 1956-லேயே இடத்துக்கென்று தனி நிறுவனம் வைத்து, கடை இருக்கும் இடத்தைத் தன் பிடியில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தைத் தொடங்கியதும் நினைவில் கொள்ள வேண்டியது.

நம் அளவுக்கு அதை இப்படிச் செய்யலாம். நல்ல இடம் என்று தெரிந்தால் வாடகை ஒப்பந்தத்தை நம் பெயரில் எழுதி, வீட்டுக்காரரின் சம்மதத்தோடு பிரான்சைஸ் எடுப்பவருக்கு உள்வாடகைக்குக் கொடுப்பது. அட்வான்ஸை அவரே கட்டலாம், பிரியும்போது அவருக்குத் திரும்பப் போகும். கடை ஓடாவிட்டால் வாடகைப் பொறுப்பு நம்மிடம் வந்து சேரும், அது இதன் ஆபத்து. அதனால் எல்லாக் கடைக்கும் இது வேண்டாம், இடத்துக்காகவே ஓடும் பேருந்து நிலையக் கடைக்கு மட்டும். டிரேட்மார்க் பதிவு முடிந்த பிறகே முதல் ஒப்பந்தம். உணவு உரிமம் ஒவ்வொரு கடைக்கும் தனி. பிரியும்போது மிச்சச் சரக்கை எந்த விலைக்குத் திரும்ப எடுப்போம், ரேக்கை எந்தத் தேய்மானத்தில் வாங்கிக்கொள்வோம், போர்டை எத்தனை நாளில் இறக்க வேண்டும் என்று எண்ணோடு எழுதிவிட வேண்டும்.

பணம் இருந்து ஆள் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது, அடுப்படியிலிருந்து வண்டி தினமும் போய்வரும் தூரத்துக்குள் சொந்தக் கடைகள். அதற்கு அடுத்த வட்டத்தில், வாரம் இருமுறை வண்டி போகும் ஊர்களில், பாக்கெட் சரக்கு மட்டும் விற்கும் பிரான்சைஸ், ஒவ்வொரு மூன்று நான்கு பிரான்சைஸுக்கும் இடையில் ஒரு சொந்தக் கடை. அந்தச் சொந்தக் கடைதான் அந்த வட்டாரத்தின் அளவுகோல், ரிட்டர்ன் வந்து சேரும் இடம், புதிதாக எடுப்பவர் பத்து நாள் நின்று பழகும் இடம். இரண்டு வட்டத்துக்கும் வெளியே இருந்து யார் கேட்டாலும் இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நம் ஆள் போய் முன்வரிசை முறுக்கைக் கடித்துப் பார்க்க முடியாத ஊரில் நம் பெயர் இருக்க வேண்டியதில்லை.